சொல்லை நகர்த்துவதா, வயதை நகர்த்துவதா?

திரைப்படத்தில் வரும் கெட்ட வார்த்தையை எடைபோட உட்காரும் எந்தத் தணிக்கைக் குழுவுக்கும் மூன்று கேள்விகள் உண்டு. வந்தது எந்தச் சொல்? எத்தனை முறை வருகிறது? அதை யார், யாரைப் பார்த்து, என்ன மனநிலையில் சொல்கிறார்? கேள்விகள் எல்லா நாட்டிலும் ஏறத்தாழ இவைதான். எந்தக் கேள்விக்கு அதிக மதிப்பு என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன. அமெரிக்கா எண்ணிக்கையைப் பார்க்கிறது. பிரிட்டன் சூழலைப் பார்க்கிறது. இந்தியா சொல்லையே பார்க்கிறது. பார்த்தபின் பெரும்பாலும் அதை எடுத்துவிடச் சொல்கிறது. ஒரே படம் லண்டனில் ஒரு சான்றிதழும் நியூயார்க்கில் இன்னொன்றும் சென்னையில் வேறொன்றும் வாங்குவது இதனால்தான்.

எண்ணிக்கை பார்க்கும் அமெரிக்கா

அமெரிக்காவில் படத்துக்குத் தரம் தருவது அரசு இல்லை. ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் 1968 நவம்பரில் தொடங்கிய அமைப்புதான் தரம் தருகிறது. படத்தை அங்கே கொண்டுபோக வேண்டும் என்ற சட்டக் கட்டாயமும் கிடையாது. பார்த்து முடிவு சொல்பவர்கள் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்கள். சாதாரண அமெரிக்கப் பெற்றோர் இந்தப் படத்தைப் பற்றி என்ன நினைப்பார் என்று கணித்துச் சொல்வதுதான் அவர்கள் வேலை.

ஆனால் கெட்ட வார்த்தை விஷயத்தில் அந்தக் கணிப்புக்கு ஒரு கணக்கும் துணை நிற்கிறது. உடலுறவைக் குறிக்கும் கடுமையான ஆங்கிலச் சொற்களில் ஒன்று, கோபத்திலோ அதிர்ச்சியிலோ வெறும் வசவாக ஒரே ஒரு முறை வந்தால், படத்துக்குக் குறைந்தது பிஜி-13. அதாவது, 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பெற்றோர் கவனம் கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை. அதே சொல் இரண்டாம் முறை வந்தால் 'ஆர்'. 17 வயது ஆகாதவர்கள் பெரியவர் துணையில்லாமல் உள்ளே போக முடியாது. ஒரே முறை வந்தாலும் உடலுறவு என்ற நேர்ப்பொருளில் வந்தால் அதுவும் 'ஆர்'தான். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டால் இந்த விதியைத் தளர்த்த இடம் உண்டு. மேல்முறையீட்டிலும் சில படங்கள் தப்பியிருக்கின்றன. 2013-இல் வந்த 'ஃபிலோமினா' படத்தில் அந்தச் சொல் இரண்டு முறை வந்ததால் 'ஆர்' கிடைத்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு அது பிஜி-13 ஆனது.

கணக்கு வைப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. படம் எடுப்பவருக்கு எல்லைக்கோடு எங்கே என்று முன்கூட்டியே தெரியும். அதன் கேடும் அங்கேதான். ஹாலிவுட் திரைக்கதைகளில் அந்த ஒரு சொல்லை எந்தக் காட்சியில் செலவிடுவது என்று திட்டமிட்டு எழுதும் வழக்கமே உண்டாகிவிட்டது. ஒரு முறை சொன்னால் பதின்மூன்று வயதுக்கு ஏற்றது, இரண்டு முறை சொன்னால் ஏற்றதில்லை என்பதற்குக் குழந்தை மனநலம் சார்ந்து எந்த விளக்கமும் சொல்ல முடியாது.

ஒரே காட்சி, இரண்டு தீர்ப்பு

எண்ணிக்கைக்கும் சூழலுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை 'தி கிங்ஸ் ஸ்பீச்' என்ற ஒரு படமே காட்டிவிட்டது. டாம் ஹூப்பர் இயக்கி 2010-இல் வெளியான படம். திக்குவாயால் அவதிப்பட்ட பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கும், அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த லயனல் லோக் என்பவருக்கும் இடையிலான உறவுதான் கதை. சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கார் விருதுகளை அது வென்றது.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. மன்னராகப் போகிறவருக்கு வாக்கியம் வரவில்லை. ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் சிக்குகிறது. ஆனால் கோபத்தில் கெட்ட வார்த்தை பேசும்போது மட்டும் அவருக்குத் திக்கவில்லை என்பதைப் பயிற்சியாளர் கவனித்துவிடுகிறார். தெரிந்த வசவுகளையெல்லாம் சொல்லச் சொல்லித் தூண்டிவிடுகிறார். அவரும் அறைக்குள் நடந்துகொண்டே கொட்டித் தீர்க்கிறார். எதிரில் திட்டு வாங்குபவர் யாரும் இல்லை. அந்தச் சொற்கள் யாரையும் நோக்கிப் போகவில்லை; ஒரு மனிதனின் நாக்கைக் கட்டவிழ்க்கும் மருந்தாக மட்டும் இருக்கின்றன.

அமெரிக்கக் கணக்கில் இது ஒரு முறையைத் தாண்டிவிட்டது, எனவே 'ஆர்'. பிரிட்டனின் திரைப்பட வகைப்படுத்தல் வாரியம் முதலில் 15 என்று தந்தது. விநியோக நிறுவனம் மறுபரிசீலனை கேட்டது. வாரியம் படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்து 12ஏ என்று மாற்றியது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களும் பெரியவர் ஒருவருடன் வந்தால் பார்க்கலாம் என்பது அதன் பொருள். பேச்சுப் பயிற்சிச் சூழலில் கடுமையான சொற்கள் வருகின்றன என்ற குறிப்பையும் சான்றிதழோடு சேர்த்தது. ஒரு சொல்லும் வெட்டப்படவில்லை.

அமெரிக்காவில் நடந்தது வேறு. ஆஸ்கார் வென்ற பிறகு இளையோரையும் அரங்குக்கு அழைத்துவர விரும்பிய விநியோக நிறுவனம், அந்தக் காட்சியின் சொற்களை அடக்கி இன்னொரு பதிப்பைத் தயாரித்தது. 2011 ஏப்ரலில் அது பிஜி-13 சான்றிதழோடு வெளிவந்தது. பிரிட்டிஷ் சிறுவன் முழுதாகக் கேட்டதை, அமெரிக்கச் சிறுவன் குறைத்த வடிவில் கேட்டான்.

பிரிட்டன் மக்களிடம் கேட்கும் முறை

பிரிட்டிஷ் வாரியம் 1912-இல் தணிக்கை வாரியமாகத் தொடங்கியது. 1984-இல் பெயரிலிருந்து 'தணிக்கை' போய் 'வகைப்படுத்தல்' வந்தது. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கான மக்களிடம் கருத்துக் கேட்டு அது தன் வழிகாட்டு நெறிகளைத் திருத்திக்கொள்கிறது. கடைசித் திருத்தம் 2024-இல் வந்தது.

சொற்களை அந்த வாரியம் மிக லேசானவை, லேசானவை, மிதமானவை, கடுமையானவை, மிகக் கடுமையானவை என்று படிப்படியாகப் பிரிக்கிறது. மிதமான வசவுகள் 12ஏ-வில் வரலாம். கடுமையானவை எப்போதாவது வந்தால் 12ஏ. அடிக்கடி வந்தால் 15. மிகக் கடுமையான சொல் 15-இல் வருவதும் 18-க்குப் போவதும் சொல்லும் விதத்தைப் பொறுத்தது. நண்பர்கள் கிண்டலாகச் சொல்லிக்கொள்வது வேறு. ஓர் ஆண் ஒரு பெண்ணின் முகத்துக்கு நேராக மிரட்டலோடு சொல்வது வேறு. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே உள்ள அதிகாரம், குரலில் இருக்கும் வன்மம், நகைச்சுவை, திரும்பத் திரும்ப வருவதால் சேரும் அழுத்தம் எல்லாம் கணக்கில் வரும்.

இந்த முறையும் எல்லோருக்கும் நியாயமாகப் படுவதில்லை. கென் லோச் இயக்கிய 'ஸ்வீட் சிக்ஸ்டீன்' ஸ்காட்லாந்தின் ஏழைப் பையன்களைப் பற்றிய 2002-ஆம் ஆண்டுப் படம். அவர்கள் வட்டாரத்தில் அந்த மிகக் கடுமையான சொல் அன்றாடப் பேச்சில் புழங்குவது. வாரியம் 18 கொடுத்தது. யாருடைய வாழ்க்கையைப் படம் சொன்னதோ, அந்த வயதுப் பையன்களே அதைப் பார்க்க முடியாமல் போனது. நாடு முழுவதும் கேட்டு எடுத்த சராசரிக் கருத்து, ஒரு வட்டாரத்தின் காதுக்குப் பொருந்தாது என்பதை அந்தப் படம் காட்டியது. வடசென்னையையும் மதுரையையும் கோவையையும் ஒரே சான்றிதழில் அடக்கும் தமிழ்ப் படங்களுக்கும் இதே சிக்கல் உண்டு.

இந்தியாவில் பட்டியல் இல்லை, கத்தரி உண்டு

இந்தியாவில் சான்றிதழ் இல்லாமல் ஒரு படத்தை அரங்கில் திரையிட்டால் அது சட்டப்படி குற்றம். 1952-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத்தின் கீழ் மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம் இயங்குகிறது. 1983-இல் இதன் பெயரிலும் 'தணிக்கை' போய்ச் 'சான்றிதழ்' வந்தது. ஆனால் மக்கள் பேச்சில் அது இன்றும் சென்சார் போர்டுதான். அந்தப் பேச்சில் நியாயமும் இருக்கிறது.

தமிழ்ப் படம் சென்னை மண்டல அலுவலகத்துக்குப் போகிறது. ஓர் அதிகாரியும் ஆலோசனைக் குழுவைச் சேர்ந்த நால்வரும் உட்கார்ந்து பார்ப்பது நெடுங்கால நடைமுறை. ஒவ்வொருவரும் தன் கருத்தை எழுதித் தருகிறார். அவர்கள் கையில் இருக்கும் 1991-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில் எந்தச் சொல்லுக்கு எந்தச் சான்றிதழ் என்று ஒரு வரியும் இல்லை. ஆபாசத்தாலும் கொச்சைத்தனத்தாலும் மனித உணர்வு புண்படக் கூடாது, கீழான உணர்ச்சிகளைக் கிளறும் இரட்டை அர்த்த வசனம் கூடாது, இனத்தையோ மதத்தையோ பிற பிரிவினரையோ இழிவுபடுத்தும் சொல் கூடாது என்ற பொதுக் கட்டளைகள்தான் உண்டு. மீதியை அன்று பார்க்க உட்கார்ந்த குழுவின் மனம் தீர்மானிக்கிறது.

2015 பிப்ரவரியில் வாரியத் தலைவராக இருந்த பஹ்லாஜ் நிஹலானி, ஆங்கிலத்திலும் இந்தியிலும் தடுக்க வேண்டிய சொற்களைப் பட்டியலிட்டு மண்டல அலுவலகங்களுக்கு அனுப்பினார். வாரிய உறுப்பினர்களே எதிர்த்ததால் அது நிறுத்திவைக்கப்பட்டது. எதிர்ப்பு சரியானதுதான். 'மயிர்' என்பது பழைய இலக்கியத்தில் வெறும் முடி. தெருச் சண்டையில் அதுவே வசவு. பட்டியலுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்விக்கு முன்பே பதில் சொல்லியிருந்தது. பூலான் தேவியின் வாழ்க்கையைச் சொன்ன 'பேண்டிட் க்வீன்' வழக்கில், 1996-இல், தெருவில் தினமும் காதில் விழும் சில வசவுகளைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை, படத்தில் கேட்டதற்காக வயது வந்த எவரும் அவற்றைப் பேசக் கிளம்பமாட்டார் என்ற கருத்தை அது பதிவு செய்தது. தனிக் காட்சியையோ தனிச் சொல்லையோ பிரித்தெடுக்காமல் படத்தின் முழு நோக்கத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

'ஆரண்ய காண்டம்' நடந்த பாதை

தீர்ப்பு இருந்தும் நடைமுறை எப்படி இருந்தது என்பதற்குத் தமிழில் தெளிவான சாட்சி 'ஆரண்ய காண்டம்'. தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம்; எஸ்.பி.பி. சரண் தயாரித்தது. ரவுடிக் கும்பல்களுக்கு நடுவே ஒரே நாளில் நடந்து முடியும் கதை. அந்த மனிதர்கள் பேசும் பேச்சில் வசவு உப்பைப் போல் கலந்திருக்கிறது. எடுத்துவிட்டால் அவர்கள் வேறு மனிதர்களாகிவிடுவார்கள்.

மண்டல அலுவலகம் வன்முறைக்காகவும் வசவுகளுக்காகவும் 52 இடங்களில் வெட்டச் சொன்னது. படம் வயது வந்தோருக்கான 'ஏ' சான்றிதழுக்குரியது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பதினெட்டு வயது தாண்டியவர் மட்டும் பார்க்கப் போகும் படத்திலும் வெட்டு வேண்டும் என்பதுதான் கோரிக்கை. தயாரிப்பாளரும் இயக்குநரும் ஒப்பவில்லை. டெல்லியில் அப்போது இருந்த திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். தீர்ப்பாயம் ஒரே ஒரு வெட்டோடு 'ஏ' சான்றிதழுக்கு வழிவிட்டது. 2011 ஜூனில் படம் வெளியானது. பிறகு அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும் படத்தொகுப்புக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தன.

ஒரே சட்டம், ஒரே நெறிகள், ஒரே படம். சென்னையில் 52, டெல்லியில் ஒன்று. நாட்டுக்கு நாடு மட்டுமில்லை, ஒரே நாட்டுக்குள் அறைக்கு அறையே தீர்ப்பு மாறுகிறது. அந்தத் தீர்ப்பாயமும் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டுவிட்டது. இன்று மேல்முறையீடு செய்ய நேராக உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். வெளியீட்டுத் தேதியை அறிவித்துவிட்டு வட்டிக்கு வாங்கிய பணத்தோடு காத்திருக்கும் சிறு தயாரிப்பாளருக்கு அது எளிய வழி இல்லை. வாரியம் சொன்ன இடத்தில் ம்யூட் போட்டுவிட்டு வெளியே வருவதே அவருக்கு லாபம்.

ம்யூட்டுக்குப் பின்னால் இருக்கும் பணம்

சொல்லை அடக்கும் வேலை ஒலிக்கலவைக் கூடத்தில் நடக்கிறது. வசனம், பின்னணி இசை, சுற்றுப்புற ஒலி என்று தனித்தனித் தடங்கள் இருப்பதால், வசனத் தடத்தில் அந்த அரை விநாடியை மட்டும் அமைதியாக்கிவிடலாம். இசை தொடர்ந்து ஓடும். இல்லையென்றால் நடிகரை மீண்டும் டப்பிங்குக்கு அழைத்து, வாயசைவுக்கு ஒத்துப்போகும் வேறொரு சொல்லைப் பேசவைப்பார்கள். எப்படியானாலும் உதடு காட்டிக்கொடுத்துவிடும். அரங்கில் இருக்கும் பையன் விட்டுப்போன சொல்லைத் தானே நிரப்பிக்கொள்கிறான்.

இத்தனைக்கும் தயாரிப்பாளர் சம்மதிப்பதற்குக் காரணம் வருமானம். தமிழ்நாட்டில் 2011 முதல், கேளிக்கை வரிவிலக்கு வேண்டும் என்றால் தமிழ்த் தலைப்போடு 'யு' சான்றிதழும் தேவைப்பட்டது. ஒரு வசவால் 'யு', 'யு/ஏ' ஆனால் வரிவிலக்கு போயிற்று. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதுதான் அந்த முறை முடிவுக்கு வந்தது. தொலைக்காட்சிக் கணக்கு இன்னும் இருக்கிறது. 'ஏ' படத்தை அப்படியே ஒளிபரப்ப முடியாது. வெட்டி மறுசான்றிதழ் வாங்க வேண்டும். சேட்டிலைட் உரிமை பேசும்போது அந்த ஓர் எழுத்துக்குப் பெரிய தொகை கைமாறுகிறது.

கடல் தாண்டும் தமிழ்ச் சொல்

2023 அக்டோபரில் 'லியோ' ட்ரெய்லர் யூடியூபில் வந்தபோது, அதில் நடிகர் விஜய் பேசிய ஒரு வசவு பெரிய சர்ச்சையானது. பெண்ணின் ஒழுக்கத்தைப் பழிக்கும் சொல் அது. இணையத்தில் விடும் ட்ரெய்லர் அரங்கத் தணிக்கைக்குள் வராது என்பதால் அது அப்படியே வெளியாகியிருந்தது, பிறகு ஒலியடக்கப்பட்டது. படம் இந்தியாவில் மாற்றங்களுடன் 'யு/ஏ' வாங்கி வெளியானது. பிரிட்டனில் விநியோக நிறுவனம் வெட்டு இல்லாத பதிப்பை 15 சான்றிதழோடு வெளியிட்டது.

இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். சென்னையில் பத்து வயதுச் சிறுமி அப்பாவோடு போய் அந்தப் படத்தைப் பார்க்கலாம். லண்டனில் பதினான்கு வயதுப் பையனை அப்பாவோடு வந்தாலும் அரங்கில் விடமாட்டார்கள். கட்டுப்பாடு எங்கே கடுமையானது என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. இந்தியா படத்தின் மேல் கடுமையாக இருந்து வாசலைத் திறந்துவைக்கிறது. பிரிட்டன் படத்தை விட்டுவிட்டு வாசலில் நிற்கிறது.

தமிழ்ச் சொல்லுக்கு வெளிநாட்டில் இன்னொரு மாற்றமும் நேர்கிறது. தமிழ் தெரியாத பார்வையாளருக்கு வசனம் சப்டைட்டில் வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. தாயையோ சாதியையோ இழுத்துத் திட்டும் தமிழ் வசவு, ஆங்கிலத்தில் ஒரு பொதுவான ஏச்சாகச் சுருங்கிவிடும். அங்கே தரம் பெறுவது பாதிக்கு மேல் மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொல்.

இழிசொல்லை என்ன செய்வது?

உடல் சார்ந்த வசவைவிட மனிதனைப் பிறப்பால் தாழ்த்தும் சொல்தான் ஆழமாகக் காயப்படுத்துவது. 2024-இல் பிரிட்டிஷ் வாரியம், 1964-இல் வந்த 'மேரி பாப்பின்ஸ்' என்ற குழந்தைகள் படத்தின் அரங்கப் பதிப்பை 'யு'விலிருந்து 'பிஜி'க்கு உயர்த்தியது. ஆப்பிரிக்க மக்களைக் குறித்த பழைய இழிசொல் ஒன்று அதில் வருகிறது. அதைக் கேட்கும் குழந்தை விவரம் புரியாமல் தானும் சொல்லிவிடக்கூடும் என்பது காரணம். சொல் படத்தில் இருந்தது. வயதுக் குறிப்பு மட்டும் நகர்ந்தது.

2025-இல் ஜோதிராவ் புலே, சாவித்திரிபாய் புலே ஆகியோரின் போராட்டத்தைச் சொன்ன 'புலே' என்ற இந்திப் படத்துக்கு இந்திய வாரியம் 'யு' தந்தது. ஆனால் சாதிப் பெயர்கள் உள்ளிட்ட சில குறிப்புகளை நீக்கவும் மாற்றவும் சொன்னது. சாதிக் கொடுமையை எதிர்த்தவர்களின் கதையில் அந்தக் கொடுமையின் பெயர்கள் குறைந்தன. சாதியைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்துவதும், அப்படி இழிவுபடுத்தினார்கள் என்று காட்டுவதும் ஒன்றாகிவிடாது. சொல்லை மட்டும் பார்க்கும் முறையால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. யார் யாரிடம் சொல்கிறார் என்ற மூன்றாவது கேள்விதான் அதைப் பிரித்துக் காட்டும்.

புதிய படிகள்

ஷியாம் பெனகல் தலைமையிலான குழு 2016-இல், வாரியம் வெட்டுவதை விட்டு வயது வாரியாகச் சான்றிதழ் தருவதோடு நிற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதில் பாதிதான் சட்டமாகியிருக்கிறது. 2023-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 'யு/ஏ' என்ற ஒற்றைப் பிரிவு 7+, 13+, 16+ என மூன்றாகியிருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையையும் பதினாறு வயதுப் பிள்ளையையும் ஒரே தட்டில் வைத்த பழைய குறை இதனால் நீங்குகிறது. வெட்டும் அதிகாரம் மட்டும் வாரியத்திடமே இருக்கிறது.

இணையத் திரைக்கு இதே போன்ற வயதுப் படிகள் 2021 விதிகளிலேயே வந்துவிட்டன. அங்கே தரத்தைத் தளமே போட்டுக்கொள்கிறது, முன்தணிக்கை இல்லை. அதனால் திருப்புட்குழியில் தறி வேலை முடித்துக் காஞ்சிபுரம் தியேட்டருக்குப் போகும் குடும்பத்துக்கு அரங்கில் மௌனமாக வந்த சொல், வீட்டில் கைபேசியில் முழுதாகக் கேட்கக்கூடும். பிள்ளைகளிடம் எளிதாகப் போய்ச் சேரும் திரையில் காவல் குறைவு. பெரியவரோடு உட்கார்ந்து பார்க்கும் திரையில் காவல் அதிகம்.

மூன்று படிகள் வந்துவிட்ட பிறகு, வசவு மிகுந்த படத்துக்கு 16+ அல்லது 'ஏ' தந்து, என்ன காரணத்தால் தரப்பட்டது என்று சுவரொட்டியிலேயே ஒரு வரி சேர்த்தால் பெற்றோருக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிடும். ம்யூட் செய்த படத்தின் 'யு/ஏ', படத்தில் என்ன இருந்தது என்பதைப் பெற்றோரிடம் சொல்வதில்லை. சான்றிதழ் என்ற பெயருக்கு வாரியம் உண்மையாக இருக்க வேண்டும் என்றால், அது நகர்த்த வேண்டியது வயதைத்தான்.